அடிக்கடி பழுதாகும் இன்ஃப்யூஷன் பம்ப்: சீர்செய்வதா, மாற்றுவதா?

மருந்தையோ குளுக்கோஸ், சலைன் போன்ற திரவங்களையோ குறித்த வேகத்தில் நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கருவிதான் இன்ஃப்யூஷன் பம்ப். அப்படிப்பட்ட பம்ப் ஒன்று மீண்டும் மீண்டும் பழுதானால், மருத்துவமனையின் பயோமெடிக்கல் பொறியாளர் அதைப் பரிசோதித்து நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதுகிறார். பம்பைச் சீர்செய்து மறுபடி வார்டுக்கு அனுப்பலாமா, இல்லை விலக்கிவிட்டு வேறு வாங்க வேண்டுமா என்பதே அந்த அறிக்கை விடை சொல்ல வேண்டிய கேள்வி. எத்தனை முறை பழுதானது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்லிவிட முடியாது. எதனால் பழுதானது என்பது தெரிந்த பிறகுதான் செலவுக் கணக்குக்கும் ஆபத்துக் கணக்குக்கும் பொருள் வரும்.

பம்ப் வேலை செய்யும் விதம்

வார்டுகளில் இரண்டு வகைப் பம்புகள் அதிகம். சிரிஞ்சின் பிஸ்டனை மெல்லத் தள்ளுவது சிரிஞ்ச் பம்ப். தொங்கும் பாட்டிலிலிருந்து வரும் ஐ.வி. குழாயை அழுத்தி அழுத்தித் திரவத்தை முன்னே தள்ளுவது வால்யூமெட்ரிக் பம்ப். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

வால்யூமெட்ரிக் பம்பின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வரிசையாகச் சிறு விரல்கள் போன்ற கட்டைகள் தெரியும். ஐ.வி. செட்டின் குழாயை அவற்றின் மேல் படியுமாறு வைத்துக் கதவை மூட வேண்டும். மோட்டார் சுழலும்போது, ஆர்மோனியக் கட்டைகளை ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டு போவதுபோல, அந்த விரல்கள் குழாயை வரிசையாக அழுத்துகின்றன. அழுத்தம் அலையாக நகர நகர, குழாய்க்குள் இருக்கும் திரவமும் நகர்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த நேரத்திலும் குறைந்தது ஒரு விரலாவது குழாயை முழுவதும் நசுக்கி மூடியிருக்க வேண்டும். விரல் அழுத்தும்போது குழாய்க்குப் பின்னால் முட்டுக் கொடுப்பது கதவின் உட்புறத்தில் இருக்கும் அழுத்துத் தகடு. ஆகவே கதவு வெறும் மூடி அல்ல, பம்பு செய்யும் இயந்திர அமைப்பில் பாதி அதுதான்.

குழாயை ஒட்டிச் சில உணர்விகள் இருக்கின்றன. விரல்களுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் அழுத்த உணர்விகள் குழாயின் விறைப்பை அளக்கின்றன. பாட்டில் பக்கம் அடைப்பு ஏற்பட்டால் குழாய் தளர்ந்து மேலே உள்ள உணர்வியின் அளவு குறையும். நோயாளி பக்கம் அடைப்பு ஏற்பட்டால் குழாய் விறைத்துக் கீழே உள்ள உணர்வியின் அளவு கூடும். காற்றுக்குமிழியைக் கண்டுபிடிக்க ஒரு மீயொலி உணர்வி உண்டு. திரவத்தின் வழியே மீயொலி நன்றாகச் செல்லும், காற்றின் வழியே செல்லாது. ஒலி வந்து சேரவில்லை என்றால் குழாயில் காற்று இருக்கிறது என்று பம்ப் முடிவு செய்து நின்றுவிடும். இந்த உணர்விகள் எல்லாமே குழாய் தங்கள்மேல் சரியாகப் படிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலை செய்பவை. படிய வைப்பதும் அந்தக் கதவுதான்.

பழுது ஏன் நோயாளியைத் தொடுகிறது

வால்யூமெட்ரிக் பம்புகளின் துல்லியம் பொதுவாக 5 சதவீதம் கூடக் குறைய என்ற அளவில் அறிவிக்கப்படுகிறது. வெறும் சலைனில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. நோர்அட்ரினலின் போன்ற மருந்தில் அப்படி இருக்க முடியாது. தாழ்ந்துபோன ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் அந்த மருந்தின் பாதி, உடலில் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். அடைப்பு இருப்பதாகத் தவறாக நினைத்துப் பம்ப் நின்றுவிட்டால், செவிலியர் வந்து அலாரத்தை அணைத்து மறுபடி ஓட்டுவதற்குள் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கிவிடும்.

உண்மையான அடைப்பைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் இதே அளவு ஆபத்து. அலாரம் அடிக்கும் அழுத்தத்தை எட்டுவதற்குள் குழாய் விரிந்து அரை மில்லி திரவத்தை உள்வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 100 மில்லி வேகத்தில் அந்த அரை மில்லி 18 வினாடிகளில் சேர்ந்துவிடும். மணிக்கு 1 மில்லி வேகத்தில் அதற்கு 30 நிமிடங்கள் ஆகும். அந்த அரைமணி நேரமும் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும், நோயாளிக்கு மருந்து போகாது. அடைப்பு நீங்கியதும் தேங்கியிருந்த அரை மில்லியும் ஒரே வீச்சில் உள்ளே போகும். அலாரம் அழுத்தம் தன் அளவிலிருந்து உயர்ந்துவிட்ட பம்பில் இந்தக் காத்திருப்பும் வீச்சும் இரண்டுமே கூடுகின்றன.

இது ஒரு நாட்டுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 பாதகச் சம்பவ அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. இவற்றைக் கணக்கில் கொண்டு, பம்புகளின் வடிவமைப்பைச் சீர்ப்படுத்த 2010-இல் தனித் திட்டம் ஒன்றை அந்த நிர்வாகம் தொடங்கியது.

ஒரு பம்பின் வரலாறு

அறிக்கை உருவாகும் முறையை விளக்க, நடைமுறையில் காணப்படும் பழுதுகளை ஒட்டி அமைத்த ஒரு மாதிரி நேர்வை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாவட்ட அளவிலான மருத்துவமனை. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே மாதிரியைச் சேர்ந்த 13 வால்யூமெட்ரிக் பம்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு வயது 9 ஆண்டு 2 மாதம். தயாரிப்பாளர் அதற்குக் குறித்திருக்கும் ஆயுள் 10 ஆண்டு.

பதினான்கு மாதங்களில் இந்தப் பம்புக்கு ஐந்து புகார்கள் வந்தன. முதல் புகார், பாட்டில் பக்கம் அடைப்பு என்ற அலாரம் காரணமின்றி அடிக்கிறது என்பது. பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை, பம்ப் திரும்பிப் போனது. இரண்டாவது, மின்சாரம் போனதும் பம்ப் அணைந்துவிடுகிறது என்பது. பேட்டரி மாற்றப்பட்டது. மூன்றாவது, மறுபடி அதே அடைப்பு அலாரம். உணர்வியின் மேற்பரப்பைத் துடைத்து, புதிய ஐ.வி. செட் போட்டதும் அலாரம் நின்றது. நான்காவது, குழாயில் குமிழியே இல்லாதபோதும் காற்று என்று அலாரம். மீயொலி உணர்வி சுத்தம் செய்யப்பட்டது. ஐந்தாவது முறை நோர்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தபோது அடைப்பு அலாரம் அடித்துப் பம்ப் நின்றது. நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குவதை மானிட்டரில் கண்ட செவிலியர் உடனே வேறு பம்புக்கு மாற்றினார். நோயாளிக்குத் தீங்கு ஏற்படவில்லை.

அதே பதினான்கு மாதங்களில் மற்ற 12 பம்புகளுக்கும் சேர்த்து வந்த புகார்கள் நான்குதான். சராசரியாகப் பார்த்தால் மூன்று பம்புகளுக்கு ஒரு புகார். இந்தப் பம்ப் அந்தச் சராசரியைப்போல 15 மடங்கு தொல்லை தந்திருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீடு பம்பின் மேல் சந்தேகத்தை எழுப்புமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

பரிசோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

ஐந்தாவது சம்பவத்துக்குப் பிறகு முதலில் நடக்க வேண்டியது பம்பைத் தனியே எடுத்து, ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற சீட்டு ஒட்டி வைப்பது. அப்போது அதில் மாட்டியிருந்த ஐ.வி. செட்டையும் தூக்கி எறியாமல் பையிலிட்டு உடன் வைக்க வேண்டும். பழுது பம்பிலா செட்டிலா என்ற கேள்விக்கு அது சாட்சி. பம்பைத் திறப்பதற்கோ அமைப்புகளை மாற்றுவதற்கோ முன்பே அதன் நிகழ்வுப் பதிவைப் பிரதி எடுத்துவிட வேண்டும். எந்த நிமிடம் என்ன வேகத்தில் ஓடியது, எந்த அலாரம் எப்போது அடித்தது, யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இடம் நிரம்பியதும் பழைய பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

பதிவைப் படிக்கும்போது பம்பின் கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். இந்த நேர்வில் பம்பின் கடிகாரம் 17 நிமிடம் பின்தங்கியிருந்தது. அதைத் திருத்திக்கொண்டு வார்டு பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, கடைசி மூன்று மாதத்தில் 41 முறை பாட்டில் பக்க அடைப்பு அலாரம் அடித்திருப்பது தெரிந்தது. புகாராக வந்தவை மிகச் சில, மற்றவற்றைச் செவிலியர்கள் அலாரத்தை அணைத்துக் குழாயைச் சரிசெய்து சமாளித்திருக்கிறார்கள். மூன்று ஷிப்டுகளிலும், பல படுக்கைகளிலும், வெவ்வேறு மருந்துகளோடும் அலாரம் அடித்திருந்தது. ஆகவே ஒரு குறிப்பிட்ட செவிலியரின் கைப்பழக்கத்தையோ ஒரு படுக்கையின் அமைப்பையோ காரணம் காட்ட இடமில்லை.

செட்டா, பம்பா?

வால்யூமெட்ரிக் பம்ப் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வகை ஐ.வி. செட்டுக்கு ஏற்ப அளவு சரிசெய்யப்பட்டிருக்கும். குழாயின் உள்விட்டமும் சுவரின் தடிமனும் மென்மையும் மாறினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தள்ளப்படும் திரவத்தின் அளவும் மாறும். தயாரிப்பாளர் சொன்ன செட் விலை அதிகம் என்று சாதாரண செட்டைப் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்போது நல்ல பம்பும் தவறாக ஓடும், தேவையற்ற அலாரம் அடிக்கும். அதனால் அறிக்கை எழுதுபவர் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன்பு செட்டை விலக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த நேர்வில் வார்டில் பயன்பட்டது தயாரிப்பாளர் குறித்த செட்தான். அதே தொகுப்பைச் சேர்ந்த செட்டுகள் மற்ற 12 பம்புகளில் சிக்கலின்றி ஓடின. சந்தேகத்துக்குரிய பம்பில் இருந்த செட்டைக் கழற்றி ஒரு நல்ல பம்பில் மாட்டியபோது அலாரம் வரவில்லை. நல்ல பம்பில் ஓடிய செட்டை இந்தப் பம்பில் மாட்டியபோது அலாரம் வந்தது. பழுது செட்டோடு போகவில்லை, பம்போடு தங்கியது.

உண்மையைக் காட்டிய சோதனை

முதல் புகாரின்போது பட்டறையில் ஏன் குறை தெரியவில்லை என்பது முக்கியமான கேள்வி. அன்று பாட்டில் மேசைக்குச் சற்று மேலே இருந்தது. குழாயின் நுனி ஓர் அளவுச் சாடிக்குள் திறந்திருந்தது. மணிக்கு 120 மில்லி வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, 20 மில்லி வந்ததைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையில் பம்புக்கு எதிராக எந்த அழுத்தமும் இல்லை. வார்டில் பாட்டில் உயரத்தில் தொங்கும், மறுமுனையில் மெல்லிய கேனுலாவும், வடிகட்டியும், ஒரே வழியில் சேரும் மற்ற மருந்துகளும் எதிர்த்து நிற்கும்.

இந்த முறை பொறியாளர் வார்டின் நிலையைப் பட்டறையில் உருவாக்கினார். வேகம் மணிக்கு 25 மில்லி, நேரம் 2 மணி. வர வேண்டியது 50 மில்லி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குழாயின் புதிய பகுதி விரல்களின் மேல் வைக்கப்பட்டது, ஏனென்றால் பல மணி நேரம் நசுங்கிய குழாய் தன் உருவம் மாறி அளவைக் குழப்பும். ஒவ்வொரு நிலையிலும் மூன்று ஓட்டங்களின் சராசரி எடுக்கப்பட்டது.

பாட்டில் பம்புக்கு 50 சென்டிமீட்டர் மேலே, குழாய் நுனி திறந்த நிலையில் 52.9 மில்லி வந்தது. இது 5.8 சதவீதம் கூடுதல். மறுமுனையில் 100 மி.மீ. பாதரச அளவு எதிரழுத்தம் கொடுத்தபோது 45.2 மில்லிதான் வந்தது. இது 9.6 சதவீதம் குறைவு. அதே மாதிரியைச் சேர்ந்த நல்ல பம்ப் இந்த இரண்டு நிலைகளிலும் 49.6, 49.1 மில்லி தந்தது.

ஒரே பம்ப் ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் தருவது முதல் பார்வையில் முரண்பாடாகத் தோன்றும். உண்மையில் அதுதான் துப்பு. மோட்டார் மெதுவாகச் சுழன்றாலோ அளவுத்திருத்தம் பிசகினாலோ பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும். இங்கே பாட்டில் மேலே இருந்தால் திரவம் முன்னோக்கிக் கசிகிறது, எதிரழுத்தம் இருந்தால் பின்னோக்கிக் கசிகிறது. விரல்கள் குழாயை முழுவதும் மூடவில்லை என்பதற்கு இது அடையாளம்.

அடுத்தது அடைப்புச் சோதனை. குழாயின் மறுமுனையை மூடி, எந்த அழுத்தத்தில் அலாரம் அடிக்கிறது என்று அளவியில் பார்க்க வேண்டும். பம்பில் வைத்திருந்த எல்லை 450 மி.மீ. பாதரசம். கையேட்டின்படி 100 வரை கூடவோ குறையவோ செய்யலாம். இந்தப் பம்ப் 580, 610, 595 என்ற அளவுகளில்தான் அலாரம் அடித்தது. பின்பு கதவின் மேல் மூலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்தபோது 460, 455, 470 என்று எல்லைக்குள் வந்துவிட்டது. பம்பைத் திறக்காமலே கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

கதவைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது மேல் கீல் காதில் ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருந்தது. பம்பின் முன் உறையில், கீல் பொருந்தும் இடத்தைச் சுற்றிலும் மயிரிழை போன்ற விரிசல்கள் பரவியிருந்தன. தினமும் துடைக்கப் பயன்படுத்திய கிருமிநாசினித் துணியில் குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மம் இருந்தது. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் சில பிளாஸ்டிக்குகளை இந்த வகை ரசாயனங்கள் நாளடைவில் வெடிக்கச் செய்யும். கையேடு அனுமதிக்கும் துப்புரவுப் பொருள்களின் பட்டியலில் அந்தத் துணி இல்லை.

நான்கு புகார்களுக்கு ஒரே காரணம்

இப்போது பழைய வரலாற்றை மறுபடி படித்தால் அது வேறு பொருள் தருகிறது. கதவின் மேல் மூலை தளர்ந்ததால் மேல் உணர்வியின்மீது குழாய் சரியாக அழுந்தவில்லை. அளவு குறைந்ததைப் பாட்டில் பக்க அடைப்பு என்று பம்ப் எண்ணியது. மீயொலி உணர்வியோடு குழாய் ஒட்டாத நேரங்களில் ஒலி வந்து சேரவில்லை, அதைக் காற்று என்று எண்ணியது. கீழ் உணர்வியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியதால் உண்மையான அடைப்புக்கு அலாரம் தாமதமானது. அழுத்துத் தகடு விலகியதால் அளவும் பிசகியது. முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது புகார்கள் ஒரே விரிசலின் வெவ்வேறு முகங்கள். துடைத்ததும் புதிய செட் போட்டதும் தற்காலிகமாகக் குழாயைச் சரியாகப் படிய வைத்தன, அவ்வளவுதான்.

பேட்டரிப் புகார் மட்டும் இதில் சேராது. பேட்டரி தேயும் பொருள், காலம் வந்தால் மாற்ற வேண்டியது. அதையும் பழுதுக் கணக்கில் சேர்த்து எண்ணிக்கையைப் பெரிதாக்கிக் காட்டினால் அறிக்கையின் நம்பகத்தன்மை குறையும்.

இந்த முடிவை உறுதி செய்ய, இருப்பில் இருந்த அதே மாதிரிப் பம்பின் கதவைச் சோதனைக்காக மட்டும் பொருத்தி ஓட்டியபோது அளவு 50.3, 48.4 மில்லி என்று எல்லைக்குள் வந்தது. ஆனால் முன் உறையிலும் விரிசல் இருப்பதால் கதவை மட்டும் மாற்றினால் போதாது. கீல் மறுபடி தளரும். கதவும் முன் உறையும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும்.

சீர்செய்யும் கணக்கும் மாற்றும் கணக்கும்

இந்த மாதிரி நேர்வில் கதவும் முன் உறையும் 24,000 ரூபாய், உணர்வித் தொகுதி 9,000 ரூபாய், வேலைக்கூலியும் அளவுத்திருத்தமும் 6,000 ரூபாய். மொத்தம் 39,000 ரூபாய். புதிய பம்பின் விலை 70,000 ரூபாய் என்று கொண்டால், பழுதுச் செலவு அதில் ஏறத்தாழ 56 சதவீதம். பழுதுச் செலவு புதுக்கருவி விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதே மேல் என்று பல மருத்துவமனைகள் ஒரு விதி வைத்திருக்கின்றன. அந்த விதி எளிமையானது, ஆனால் தனியாக நின்று முடிவு சொல்லும் அளவுக்கு வலிமையானது அல்ல. பழுது பார்த்தபின் பம்ப் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை அது கேட்பதில்லை.

இந்தப் பம்புக்கு மீதி இருக்கும் ஆயுள் 10 மாதம். 39,000 ரூபாயை அதன்மேல் பரப்பினால் மாதத்துக்கு 3,900 ரூபாய். புதிய பம்பின் 70,000 ரூபாயை 120 மாதத்துக்குப் பரப்பினால் மாதத்துக்கு 583 ரூபாய். வேறுபாடு தெளிவாக இருக்கிறது. இதே விரிசல் நான்கு வயதுப் பம்பில் வந்திருந்தால் கணக்கு திரும்பிவிடும். மீதி 72 மாதத்துக்கு 39,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 542 ரூபாய். புதியதைவிடச் சற்றுக் குறைவு. உதிரிபாகமும் தடையின்றிக் கிடைக்குமானால் சீர்செய்வதே சரியான பரிந்துரை. பழுது ஒன்றேதான், சதவீதமும் அதே 56 தான். வயது மாறியதால் விடை மாறுகிறது.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் தயாரிப்பாளரிடமிருந்தோ அவருடைய முகவரிடமிருந்தோ எழுத்தில் வாங்கி இணைக்க வேண்டும். ஒரு மாதிரியின் உற்பத்தி நின்றபின், சில ஆண்டுகள்வரைதான் பாகங்கள் வரும். கண்டம் செய்யப்பட்ட பழைய பம்பிலிருந்து கதவைக் கழற்றிப் போடுவது மலிவான வழியாகத் தோன்றலாம். அந்தக் கதவும் அதே துணியால் அத்தனை ஆண்டுகள் துடைக்கப்பட்டதுதான் என்பதால் அதை நம்ப முடியாது.

புதிய பம்பின் பக்கமும் மறைச்செலவு உண்டு. வேறு நிறுவனத்தின் பம்பை வாங்கினால் அதற்கென்று தனி செட் வாங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் செட்டுகளின் செலவு பம்பின் விலையையே மிஞ்சக்கூடும். ஒரே வார்டில் இரண்டு விதமான பொத்தான் அமைப்புகள் இருந்தால், நள்ளிரவு அவசரத்தில் தவறு நேரும் வாய்ப்பும் கூடும். விலைப்புள்ளி கேட்கும்போதே இவற்றையும் கேட்டு அறிக்கையில் சொல்ல வேண்டும்.

அறிக்கையின் வடிவம்

இந்த அறிக்கையைப் படிப்பவர்கள் மூவகையினர். மருத்துவக் கண்காணிப்பாளர் முடிவெடுக்க வேண்டும், கணக்குப் பிரிவு பணம் ஒதுக்க வேண்டும், செவிலியர் பொறுப்பாளர் வார்டை நடத்த வேண்டும். ஆகவே பரிந்துரை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அதன் பிறகு கருவியின் அடையாளம், வரலாறு, சோதனை, காரணம், இரண்டு வழிகளின் ஒப்பீடு, ஆபத்து, அறிக்கையின் எல்லைகள் என்று வரிசையாகச் செல்லலாம். அளவுகளின் முழு அட்டவணையும் நிகழ்வுப் பதிவும் இணைப்பாகப் போகும். சோதனைக்குப் பயன்பட்ட அளவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். அளவி பிசகியிருந்தால் எல்லா எண்களும் பிசகிவிடும்.

இந்த நேர்வின் முதல் பத்தி இப்படி அமையலாம்:

“தீவிர சிகிச்சைப் பிரிவின் மேற்படி பம்பைப் பயன்பாட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கிப் புதிய பம்ப் வாங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கதவுக் கீலிலும் முன் உறையிலும் உள்ள விரிசலால் மருந்தின் அளவு 5.8 சதவீதம் கூடியும் 9.6 சதவீதம் குறைந்தும் செல்கிறது, அடைப்பு அலாரமும் தாமதமாகிறது. சீர்செய்ய 39,000 ரூபாய் ஆகும், அதன்பின் மீதி ஆயுள் 10 மாதமே. புதிய பம்ப் வரும்வரை இருப்பிலுள்ள பம்ப் வார்டுக்கு வழங்கப்படும். மற்ற 12 பம்புகளின் கதவுகளையும் ஒரு வாரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும்.”

எல்லைகளைச் சொல்லும் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிகழ்வுப் பதிவு மூன்று மாதத்துக்கு மட்டுமே இருந்தது. விரிசல் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. முந்தைய நோயாளிகளுக்கு எவ்வளவு மருந்து கூடுதலாகவோ குறைவாகவோ போனது என்பதைக் கணக்கிட வழியில்லை. சோதனை தண்ணீரில், அறை வெப்பத்தில் செய்யப்பட்டது. இவற்றைத் தெளிவாக எழுதினால், பிறகு யாரும் அந்த எண்களிலிருந்து அவை சொல்லாத முடிவுகளைப் பெற முடியாது.

முடிவுக்குப் பிறகு

பம்பை நீக்கும் ஆணை வந்ததும் அதைக் கருவிப் பதிவேட்டில் கழித்து, பேட்டரியைத் தனியே எடுத்து, மின்கழிவு விதிப்படி ஒப்படைக்க வேண்டும். தீவிர சிகிச்சைக்கு ஆகாது என்பதால் பொது வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமளிக்கக் கூடாது. அளவு பிசகும் பம்ப் எந்த வார்டிலும் அதே பம்ப்தான். கண்காணிப்பு குறைவான இடத்தில் பிழை வெளியே தெரியவே நேரமாகும்.

நோயாளிக்குத் தீங்கு நேராவிட்டாலும் ஐந்தாவது சம்பவத்தை வெளியே தெரிவிப்பது அவசியம். இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் நேரும் பாதகங்களைத் திரட்டும் மெட்டீரியோவிஜிலென்ஸ் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. ஒரு மருத்துவமனைக்கு ஒற்றைச் சம்பவமாகத் தெரியும் கீல் விரிசல், பல இடங்களின் அறிக்கைகள் சேரும்போது அந்த மாதிரி முழுவதற்குமான குறையாக வெளிப்படலாம்.

துடைக்கும் துணியை மாற்றுவது புதிய பம்ப் வாங்குவதைவிட அவசரமானது. அது மாறாவிட்டால் புதிய பம்பின் கீலும் அதே வழியில் போகும். கையேடு அனுமதிக்கும் கிருமிநாசினி எது, எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும், பின்பு தண்ணீர்த் துணியால் துடைக்க வேண்டுமா என்பதை மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பட்டறையின் சோதனை முறையிலும் மாற்றம் வேண்டும். ஆண்டுச் சோதனையில் திறந்த நுனியோடு நிறுத்தாமல், பாட்டிலை உயர்த்தியும் எதிரழுத்தம் கொடுத்தும் அளக்க வேண்டும். கீலையும் கதவுப் பூட்டையும் கண்ணால் பார்ப்பது பட்டியலில் தனி வரியாக இடம்பெற வேண்டும்.

புதிய பம்ப் வந்து சேர்ந்ததும் அதே இரண்டு நிலைகளில் அதன் அளவும், அடைப்பு அழுத்தமும், பேட்டரி தாங்கும் நேரமும், மின்பாதுகாப்பும் சோதிக்கப்பட்டுப் பதிவாகும். அடுத்த முறை புகார் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதல்நாள் எண்கள் உதவும். மூன்று மாதம் கழித்து வார்டின் நிகழ்வுப் பதிவுகளை மறுபடி எடுத்து, பாட்டில் பக்க அடைப்பு அலாரங்கள் உண்மையில் குறைந்தனவா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் காரணத்தைப் பற்றிய அறிக்கையின் முடிவு சரி என்று கொண்டு கோப்பை மூடலாம். குறையவில்லை என்றால் செட்டுகளையும் மற்ற பம்புகளின் கதவுகளையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.